வினைக்குள் நுழையும் புதியவர்
பிறவினையும் ஏற்புவினையும்: ஒரு மொழி ஒப்பீடு

தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டியவர் யார் என்னும் வினாவுக்கு இராசராசன் என்பதே பள்ளிச் சிறுவனும் கூறும் விடை. குறும்புக்கார மாணவன் ஒருவன் 'கொத்தனார்' என்று விடை கூறினால் வகுப்பறை சிரிக்கும். ஆனால் அவன் விடையில் இலக்கணப் பிழை ஏதுமில்லை. நம் இலக்கண நூலார் கருத்தாவை ஏவுதற் கருத்தா என்றும் இயற்றுதற் கருத்தா என்றும் பிரித்தது இந்தச் சிக்கலை நன்கு உணர்ந்ததனாலேயே ஆகும். 'அரசனால் கட்டப்பட்ட கோயில்', 'தச்சனால் கட்டப்பட்ட கோயில்' என்னும் இரண்டும் பிழையற்ற தொடர்களே. ஒன்றில் ஏவியவன் நிற்கிறான். மற்றொன்றில் இயற்றியவன் நிற்கிறான். வினைச்சொல்லோ இரண்டிலும் ஒன்றே.

ஒரு வினை தனக்குரிய பங்கேற்பாளர் போதாமல் மேலும் ஒருவரை உள்ளே அழைத்துக்கொள்ளும்போது மொழியில் என்ன நிகழ்கிறது? இக்கட்டுரை நோக்குவது இதனையே. நம் வகுப்பறைகளில் இப்பொருள் 'தன்வினை, பிறவினை' என்னும் தலைப்பின்கீழ் உருவ மாற்றப் பட்டியலாக மட்டுமே கற்பிக்கப்படுகிறது. அது போதாது என்பதும், பிற மொழிகளோடு ஒப்பிட்டால்தான் தமிழின் இயல்பு தெளிவாகும் என்பதும் என் கருத்து.

இரு வாயில்கள்

ஒரு வினைக்குள் புதியவர் நுழைவதற்கு இரண்டு வாயில்கள் உண்டு. ஒன்று மேல்வாயில். அவ்வழியே வருபவர் எழுவாயின் இருக்கையில் அமர்ந்துகொள்வார்; அதில் முன்பு இருந்தவர் கீழிறங்கி வேறிடம் தேடவேண்டும். 'குழந்தை உறங்கியது' என்பது 'தாய் குழந்தையை உறங்க வைத்தாள்' என்றானபோது தாய் அவ்வழியே வந்தவள். இதுவே பிறவினை.

மற்றொன்று கீழ்வாயில். அவ்வழியே வருபவர் எழுவாயைத் தொடுவதில்லை. செயல் செய்பவர் தம் இடத்திலேயே இருப்பார். யாருக்காகச் செயல் நடந்தது, எங்கே நடந்தது, எதனால் நடந்தது, யாருடன் நடந்தது என்று வாக்கியத்தின் ஓரத்தில் நின்றிருந்தவர், வினை பெறும் ஓர் உருபின் துணையால் செயப்படுபொருளின் இருக்கைக்கு வருவார். இத்தகைய வினையை இக்கட்டுரையில் 'ஏற்புவினை' என வழங்குவோம். ஓரத்தில் நின்றவரை வினை தனக்குள் ஏற்றுக்கொள்வதால் இப்பெயர் பொருந்தும்.

இவ்விரு வாயில்களும் ஒரே வினையில் திறப்பதைக் காண, 'அமர்தல்' என்னும் எளிய வினையை எடுத்துக்கொள்வோம்.

அரபு மொழியில் 'ஜலஸ' என்றால் அமர்ந்தான் என்பது பொருள். முன்னே ஹம்ஸாவைச் சேர்த்து 'அஜ்லஸ' என்றால் அமரச் செய்தான் என்றாகும். வினையை வேறொருவர்மீது கடத்தும் இந்த ஹம்ஸாவை நஹ்வு நூலார் தனியே பெயரிட்டுப் பேசுவர். அதே வேரின் முதல் எழுத்தை நீட்டி 'ஜாலஸ' என்றாலோ ஒருவனோடு உடனமர்ந்தான் என்பது பொருள். 'ஜலஸ மஅ ஸைதின்' என்னும் தொடரில் ஸைது 'மஅ' என்னும் 'உடன்' பொருட்சொல்லின் நிழலில் நிற்கிறார். 'ஜாலஸ ஸைதன்' என்னும்போது அச்சொல் மறைந்துவிடுகிறது. ஸைது நஸ்பு பெற்று நேர்ச் செயப்படுபொருளாகிறார். அஜ்லஸ மேல்வாயில், ஜாலஸ கீழ்வாயில். ஸர்ஃபு வாய்பாட்டை மனப்பாடம் செய்யும் மாணவர் இவ்விரண்டையும் அடுத்தடுத்து ஒப்பிக்கின்றனர். ஆயினும் ஒன்று தலைப்பக்கமும் மற்றொன்று காற்பக்கமும் ஆளைச் சேர்க்கிறது என்பதை எடுத்துக்காட்டுவார் சிலரே.

மலாய் மொழியில் 'டூடுக்' என்றால் அமர்தல். 'மெண்டுடுக்கான்' என்றால் ஒருவரை அமர்த்துதல்; 'மெண்டுடுக்கி' என்றால் ஒன்றன்மீது அமர்தல். ஈற்றிலுள்ள 'கான்' அமர்த்துபவரை உள்ளே கொணர்கிறது. ஈற்றிலுள்ள 'இ' அமரும் இடத்தைச் செயப்படுபொருளாக்குகிறது. கிழக்கு ஆப்பிரிக்காவின் சுவாஹிலி மொழியிலும் இதே காட்சி. 'காஆ' அமர்தல், 'காலிஷா' அமர்த்துதல், 'காலியா' ஒன்றன்மீது அமர்தல். தம்முள் உறவில்லாத மூன்று மொழிக் குடும்பங்கள் ஒரே வினைக்கு இரு வாயில்களையும் அமைத்துள்ளமை வியப்புக்குரியது.

தமிழுக்கு வருவோம். 'அமர்ந்தான்', 'அமர்த்தினான்' என மேல்வாயில் திறந்தே இருக்கிறது. கீழ்வாயில்? 'நாற்காலியில் அமர்ந்தான்', 'அறிஞருடன் அமர்ந்தான்' என்றே கூறுகிறோம். வினை சிறிதும் மாறவில்லை. புதியவரை அழைத்து வந்தது வேற்றுமை உருபு. தமிழ் மேல்வாயிலை வினையிடமும், கீழ்வாயிலைப் பெரும்பாலும் பெயரிடமும் ஒப்படைத்துள்ளது.

ஏற்புவினையைச் சோதிக்கும் முறை

ஓரத்தில் நின்றவர் உண்மையிலேயே செயப்படுபொருளாகிவிட்டாரா, அன்றி அங்குள்ளவர்போல் தோன்றுகிறாரா என்று எவ்வாறு அறிவது? சுவாஹிலி இதற்குத் தெளிவான விடை தருகிறது.

'மாமா அனாபிக்கா சாக்குலா' என்றால் தாய் உணவு சமைக்கிறாள் என்பது பொருள். நம் செவிக்கு விந்தையாயினும் அம்மொழியில் 'மாமா' என்பது தாயையே குறிக்கும். 'பிக்கா' சமைத்தல் வினை. இனி, தாய் குழந்தைக்காகச் சமைக்கிறாள் என்று கூறவேண்டுமாயின் 'மாமா அனாம்பிக்கியா ம்தோத்தோ சாக்குலா' என்பர். 'பிக்கா' என்பது 'பிக்கியா' ஆயிற்று. இடையில் புகுந்த 'இ' ஏற்புருபு. வினையின் நடுவே ஒரு 'ம்' தோன்றியிருப்பதையும் காண்க. அது செயப்படுபொருளைச் சுட்டும் அடையாளம். உணவைச் சுட்டாமல் குழந்தையைச் சுட்டுகிறது. குழந்தை என்னும் சொல்லுடன் 'கு' போன்ற உருபோ 'ஆக' போன்ற சொல்லோ இல்லை என்பதும் நோக்கத்தக்கது. இது முதற் சோதனை.

இரண்டாம் சோதனை செயப்பாட்டுவினை. செயப்படுபொருளாக இருப்பதுதானே செயப்பாட்டில் எழுவாயாக வேண்டும்? சுவாஹிலியில் 'ம்தோத்தோ அனாபிக்கிவா சாக்குலா' என்று கூறலாம். இதனைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்க முயன்றால் 'குழந்தை உணவு சமைக்கப்படுகிறது' என்னும் பொருளற்ற தொடரே கிடைக்கும். 'குழந்தைக்காக உணவு சமைக்கப்படுகிறது' என்றுதான் நாம் கூறமுடியும். அதில் எழுவாய் உணவே. சுவாஹிலியில் எழுவாய் குழந்தை. ஆகவே அங்குக் குழந்தை உண்மையான செயப்படுபொருள் என்பது உறுதியாகிறது.

இக்கருவியின் வலிமையை உணர்த்த ஒரு சொல் போதும். 'ஃபா' என்றால் இறத்தல். இறத்தலுக்குச் செயப்படுபொருள் ஏது என்று கேட்போம். ஏற்புருபு சேர்ந்து 'ஃபியா' என்றும், அது செயப்பாடாகி 'ஃபிவா' என்றும் வரும். 'அமெஃபிவா' என்றால் ஒருவருக்கு நெருங்கியவர் இறந்துவிட்டார், அவர் துயருற்றார் என்பது பொருள். இறந்தவர் வேறு, எழுவாயாக நிற்பவரோ அவ்விறப்பினைத் தாங்கியவர். நாம் 'அவருக்குத் தந்தை தவறிவிட்டார்' என்று நான்காம் வேற்றுமையால் மெல்லச் சொல்வதை அம்மொழி வினைக்குள்ளேயே சொல்லிவிடுகிறது.

இனி மேல்வாயிலையும் இதே வினையில் காண்போம். 'மாமா அனாம்பிக்கிஷா ம்தோத்தோ சாக்குலா' என்றால் தாய் குழந்தையைச் சமைக்க வைக்கிறாள் என்பது பொருள். 'பிக்கியா', 'பிக்கிஷா' என்னும் ஓரெழுத்து வேறுபாட்டில் அடுப்படியில் நிற்பவர் மாறிவிடுகிறார்! தாய், குழந்தை, உணவு என்னும் மூவரும் இரு தொடர்களிலும் அதே வரிசையில் உள்ளனர். யார் கை கரண்டியைப் பிடித்தது என்பதை உருபு ஒன்றே தீர்மானிக்கிறது.

பழைய எழுவாய் எங்கே போனார்?

மேல்வாயில் வழியே புதியவர் வந்ததும், இருக்கையை இழந்த பழைய எழுவாய்க்கு என்ன நேர்கிறது? மொழியியலறிஞர் பெர்னார்டு காம்ரி 1970களில் இதற்கு ஒரு பொது விதியை முன்வைத்தார். கீழிறங்குபவர் காலியாக உள்ள இருக்கைகளுள் உயர்ந்ததைப் பெறுவார் என்பது அதன் சாரம். செயப்படுபொருள் குன்றிய வினையாயின் அவ்விடம் காலி. ஆதலால் அவர் செயப்படுபொருளாவார். குன்றாவினையாயின் அவ்விடத்தில் வேறொன்று இருக்கும்; ஆதலால் அடுத்ததாகிய 'கு' உருபின் இடத்துக்குச் செல்வார். அதுவும் நிரம்பியிருந்தால் ஓரத்துக்குத் தள்ளப்படுவார். துருக்கிய மொழி இவ்விதிக்கு அழகாக இணங்குகிறது.

அரபு இணங்குவதில்லை. 'அலிம' என்றால் அறிந்தான். நடு எழுத்தை இரட்டித்து 'அல்லம' என்றால் அறியச் செய்தான், அதாவது கற்பித்தான். கற்பிக்கப்பட்ட மாணவரும் கற்பிக்கப்பட்ட பாடமும் ஆகிய இரண்டுமே நஸ்பு பெறுகின்றன. 'அஃலம' போன்ற சில வினைகள் மூன்று செயப்படுபொருள்களைப் பெறும் என்று நஹ்வு நூலார் தனி வகுப்பே அமைத்துள்ளனர். காலியிடம் இல்லாவிடின் அதே வகை இருக்கையை மேலும் ஒன்று போடுவது அரபின் வழி.

தமிழ் என்ன செய்கிறது? 'குழந்தை சோறு உண்டது' என்னும் தொடரை எடுத்துக்கொள்வோம். 'தாய் குழந்தைக்குச் சோறு ஊட்டினாள்' என்றால் பழைய எழுவாய் 'கு' பெறுகிறது. 'தாய் குழந்தையைச் சோறு உண்ண வைத்தாள்' என்றால் 'ஐ' பெறுகிறது. முன்னதில் தாயின் கை குழந்தையின் வாயருகே செல்கிறது. குழந்தை பெற்றுக்கொள்பவராக நிற்கிறது. பின்னதில் தாய் கதை சொல்லியிருக்கலாம், அதட்டியிருக்கலாம். உண்டது குழந்தையின் கையாகவும் இருக்கலாம். இனி, 'செல்வர் கொத்தனாரைக் கொண்டு சுவரைக் கட்டுவித்தார்' என்னும் தொடரை நோக்குக. இங்குப் பழைய எழுவாய் 'கொண்டு' என்னும் சொல்லுருபு பெற்று, ஏறத்தாழ ஒரு கருவியின் நிலையில் நிற்கிறார்.

ஆகவே தமிழில் பழைய எழுவாயின் உருபு காலியிடத்தை மட்டும் பார்த்து அமைவதன்று. அவரை நாம் எவராகக் கருதுகிறோம் என்பதையும் காட்டுவது. பெறுபவராயின் 'கு'. ஏவலுக்கு உட்பட்டவராயின் 'ஐ'. கருவியாயின் 'கொண்டு'. நம் அண்டை மொழியாகிய கன்னடத்திலும் 'தின்னிசு' என்னும் ஒரே பிறவினை 'நனகெ' என 'கு' உருபுடன் வந்தால் ஊட்டினான் என்றும், 'நன்னிந்த' எனக் கருவியுருபுடன் வந்தால் தின்னச் செய்தான் என்றும் பொருள்படும். தமிழ் இந்த வேறுபாட்டை வினையையும் மாற்றிக் காட்டுகிறது, அவ்வளவே.

'உருள், உருட்டு' போன்ற இணைகளையும் 'வி, பி' பெற்ற வினைகளையும் ஒரே கூடையில் இடுவது எவ்வளவு பொருந்தாது என்பது இதனால் விளங்கும். அமெரிக்கன் கல்லூரிப் பேராசிரியர் கு. பரமசிவம் 1979-இல் வெளிவந்த தம் ஆங்கில ஆய்வு நூலில் இவ்விரண்டையும் வேறுபடுத்தி ஆராய்ந்துள்ளார். உருட்டுபவன் தன் கையாலேயே உருட்டுகிறான். உருட்டுவிப்பவன் பிறர் கையால் உருட்டுகிறான். நன்னூலார் 'வி, பி' தனித்து வந்தால் ஓர் ஏவல் என்றும், இணைந்து வந்தால் ஈரேவல் என்றும் வகுத்திருப்பதையும் நினைக. ஏவுபவனை ஏவுபவனுக்கும் இலக்கணத்தில் இடம் வைத்த மொழி நம்முடையது.

ஓர் உருபு, இரு வேலை

இத்துறையில் மாணவர் வழுக்கும் இடம் ஒன்றுண்டு. சில மொழிகளில் பிறவினையுருபும் ஏற்புருபும் ஒன்றாகவே இருக்கும். மலாயின் 'கான்' அத்தகையது. 'டீடுர்' (உறங்கு) என்பதிலிருந்து பிறக்கும் 'மெனிடுர்கான்' உறங்கச் செய்தலைக் குறிக்கும். 'பெலி' (வாங்கு) என்பதிலிருந்து பிறக்கும் 'மெம்பெலிகான்' வாங்கச் செய்தலைக் குறிப்பதில்லை. ஒருவருக்காக வாங்குதலையே குறிக்கும். அடிச்சொல் குன்றியவினையாயின் பிறவினைப் பொருளும், குன்றாவினையாயின் ஏற்புப் பொருளும் வருதல் பெரும்பான்மை.

ஆனால் இதனை முழு விதியாகக் கொண்டால் பிழை நேரும். 'பிஞ்ஜாம்' என்றால் இரவல் வாங்குதல், அது குன்றாவினை. 'மெமிஞ்ஜாம்கான்' என்பது ஒருவருக்காக இரவல் வாங்குதல் என்றிருக்கவேண்டும். வழக்கிலோ இரவல் கொடுத்தல் என்பதே பொருள். கடன் வாங்கியவன் யார், கொடுத்தவன் யார் என்பதையே தலைகீழாக்கிவிடும் பிழை இது! ஐயம் எழும்போது உருபை நோக்காமல், அடிவினையைச் செய்தவர் இன்னும் எழுவாயாக இருக்கிறாரா என்று கேட்பதே தக்க வழி. இருந்தால் ஏற்புவினை, இல்லையேல் பிறவினை.

தமிழின் 'கொடு'

தமிழில் ஏற்புவினையே இல்லை என்று முடித்துவிடலாமா? கூடாது. 'அக்காள் தம்பிக்குக் கடிதம் எழுதினாள்' என்றால் கடிதம் பெறுபவன் தம்பி. 'அக்காள் தம்பிக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தாள்' என்றால் கடிதம் வேறு யாருக்கோ செல்கிறது. எழுத இயலாத தம்பிக்கு அவள் உதவினாள். இரண்டிலும் 'தம்பிக்கு' என்னும் சொல் மாறவில்லை. அவன் வகிக்கும் பங்கை மாற்றியது 'கொடு' என்னும் துணைவினை. 'சொல்லிக் கொடு' என்பதிலும் இதே ஆற்றலைக் காணலாம்.

ஆயினும் இது முழு ஏற்புவினை ஆகாது. முன்கூறிய சோதனைகளை இட்டுப் பார்ப்போம். 'தம்பியைக் கடிதம் எழுதிக் கொடுத்தாள்' என்பது தமிழன்று. 'தம்பி கடிதம் எழுதிக் கொடுக்கப்பட்டான்' என்பதும் தமிழன்று. தம்பி நான்காம் வேற்றுமையிலேயே நிற்கிறான். செயப்படுபொருளின் இருக்கைக்கு வரவேயில்லை. கீழ்வாயில் பாதி திறந்திருக்கிறது எனலாம்.

இதனைத் தமிழின் குறையாகக் கருதுவதற்கில்லை. உருபுகள் செழித்த மொழிக்கு, ஓரத்தில் நிற்பவரை நடுவே அழைக்கும் தேவை குறைவு. மேலும், ஏற்புவினை உடைய மொழிகளுக்கும் எல்லைகள் உண்டு. சுவாஹிலி ஏற்புருபை மிகப் பல வினைகளில் தாராளமாகச் சேர்க்கும். அரபின் 'ஜாலஸ' வாய்பாடோ எல்லா வினைக்கும் ஏலாது. கேட்டுக் கேட்டே அறியவேண்டும்.

என் கருத்து

இலக்கண வினாத்தாளில் 'பிறவினையாக்குக' என்று கேட்பதோடு நிறுத்தாமல் மூன்று வினாக்களைக் கேட்கவேண்டும் என்பது என் வேண்டுகோள். புதிதாக வந்தவர் யார்? அவர் எந்த வாயில் வழியே வந்தார்? முன்பு இருந்தவர் எங்கே போனார்? 'திருந்தினான், திருத்தினான்' என்று பட்டியலிடும் மாணவன் உருவத்தை அறிவான். இம்மூன்றுக்கும் விடை காணும் மாணவனே வினையை அறிவான். அரபும் தமிழும் ஒருங்கே பயிலும் நம் மாணவர்க்கு இது மொழிபெயர்ப்பிலும் உதவும். 'ஜாலஸ' என்பதை 'அமர்ந்தான்' என்று பெயர்த்தால் உடனிருந்தவர் காணாமற்போவார். 'அஜ்லஸ' என்பதோடு குழப்பினால் உடனமர்ந்தவர் அமர்த்தப்பட்டவர் ஆகிவிடுவார்.

மூன்றாம் வினாவை நான் வலியுறுத்துவதற்கு வேறொரு காரணமும் உண்டு. பிறவினையைத் தவிர்த்துத் தன்வினைபோல் எழுதும்போது செயலைச் செய்தவர் ஓரத்துக்குக்கூடச் செல்வதில்லை, வாக்கியத்தைவிட்டே வெளியேறிவிடுகிறார். 'தலைவர் பாலம் கட்டினார்' என்னும் தொடரில் ஏவியவர் எழுவாயாகிறார். சுமந்தவருக்கும் பூசியவருக்கும் இடமில்லை. அரபு அணியிலக்கண நூலார் 'அமீர் நகரைக் கட்டினார்' என்னும் தொடரையே எடுத்துக்காட்டாக்கி, செயலை அதற்குக் காரணமானவர்மேல் ஏற்றிச் சொல்லும் இதனை 'மஜாஸ் அக்லீ' என வகைப்படுத்தினர். இது பேச்சுக்கு அழகே. ஆனால் பொறுப்பை நிறுவவேண்டிய இடத்தில் இவ்வழகு தீங்காகும். 'கொலை செய்தான்' என்பதற்கும் 'கொலை செய்வித்தான்' என்பதற்கும் இடையில் நிற்பவர் ஒருவர் இருக்கிறார். செய்தியிலும் வழக்குரையிலும் வரலாற்றிலும் அவரை விட்டுவிடலாகாது.

1010-ஆம் ஆண்டில் நிறைவுற்ற பெரிய கோயிலின் கல்வெட்டில் இராசராசன் தன் செயலைக் குறிக்க வழங்கிய சொல் 'கட்டிய' என்பதன்று, 'எடுப்பிச்ச' என்பதே. எடுத்த கோயில் என்னாமல் எடுப்பித்த கோயில் என்று அந்த அரசனே கல்லில் வெட்டுவித்தான். அந்தப் 'பி' என்னும் ஓரெழுத்து உருபுக்குள் கல்தச்சர் அனைவரும் நிற்கின்றனர். அவ்வுருபை நம் எழுத்திலிருந்து உதிரவிடாமல் காப்பது தமிழ் பயிற்றுவோரின் கடமையாகும்.